ஓடுகிற அசைவில் ஒரு வெட்டு

உலகத்தில் யாரை வேண்டுமானாலும் கத்தரி மன்னித்துவிடுவாள். இரவல் வாங்கிய குடையைத் திருப்பித் தராதவர்களை மன்னித்திருக்கிறாள். மாமியாரைக்கூட மன்னித்திருக்கிறாள், அதுவும் பல தடவை. ஆனால் ஆடுகிறவர் கையைத் தூக்கி முடித்து, அப்படியே சிலையாக நின்ற பிறகு, அந்த இடத்தில் போய் வெட்டி அடுத்த ஷாட்டை ஒட்டுகிற ஆசாமிகளை மட்டும் அவளால் மன்னிக்க முடியவில்லை. இவர்களிடம் எல்லாம் யார் கம்ப்யூட்டரைக் கொடுத்தது என்று கேட்பாள்.

கத்தரி என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கத்தரிக்கோலால் அவள் வாழ்க்கையில் வெட்டியதெல்லாம் பால் பாக்கெட்தான். ஆட்ட வீடியோக்களை வெட்டி ஒட்டுவது அவள் தொழில். பேச்சும் அதற்குத் தகுந்த மாதிரி என்பதால் அந்தப் பெயர் தெருவில் கிளம்பி வீடு வரைக்கும் வந்துவிட்டது. டயர் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை அவளுடையது. ஜன்னலில் வெளிச்சம் வராமல் பழைய போர்வை, மேஜையில் இரண்டு திரைகள், முதுகு வலிக்குத் தலையணை கட்டிய நாற்காலி. கீழே டயருக்குக் காற்றடிக்கும் மெஷின் அலறும்போதெல்லாம் மேஜை நடுங்கும். அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு கையால் மேஜையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வேலை பார்ப்பாள்.

கல்யாண வீடியோவில்தான் ஆரம்பித்தாள். மாப்பிள்ளை வந்தால் நட்சத்திரம் வெடிக்க வேண்டும், பொண்ணு வந்தால் இதயம் இதயமாகப் பறக்க வேண்டும் என்று வந்து நிற்பார்கள். கேட்டதைச் செய்து கொடுத்து அனுப்பிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருவாள். பிறகு ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா வந்தது. அதில் ஒரு பெண் குழந்தை கையைக் கீழிருந்து தலைக்கு மேல் கொண்டுபோனது. தூரத்து ஷாட்டில் கை மேலே போய்ச் சேர்ந்தது. கிட்டத்து ஷாட்டை ஒட்டினால் அதே கை மறுபடியும் கீழிருந்து கிளம்பியது. குழந்தை ஒரு தடவைதான் தூக்கியது. வீடியோவில் இரண்டு தடவை தூக்கியது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

முட்டி மோதித்தான் கண்டுபிடித்தாள். கை போய்க்கொண்டிருக்கும்போதே, பாதி வழியில், நல்ல வேகத்தில் இருக்கிற இடத்தில் வெட்ட வேண்டும். தூரத்து ஷாட்டில் கை கிளம்பும். கிட்டத்து ஷாட்டில் அதே கை, விட்ட உயரத்திலிருந்து, விட்ட வேகத்தோடு போய்ச் சேரும். பார்க்கிறவர் கண் கையோடு ஓடிக்கொண்டிருப்பதால் கேமரா இடம் மாறியதைக் கவனிக்காது. அசைவு நின்ற பிறகு வெட்டினால் கண்ணுக்கு வேலை இல்லாமல் போய்விடும். வேலை இல்லாத கண் என்ன செய்யும்? குற்றம் கண்டுபிடிக்கும். அவள் மாமியாரின் கண் அதற்குச் சாட்சி.

ஆனால் இதெல்லாம் எடுக்கும்போதே ஒழுங்காக எடுத்தால்தான் நடக்கும். ஒரே கேமரா என்றால், தூரத்தில் ஒரு தடவை, கிட்டத்தில் ஒரு தடவை, பக்கத்திலிருந்து ஒரு தடவை என்று அதே பாட்டை ஓடவிட்டு அதே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆட வேண்டும். ஒவ்வொரு தடவையும் கை அதே உயரத்தில், கால் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். அசைவு தொடங்குவதற்கு முன்பே கேமரா ஓட ஆரம்பித்து, முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில் அவள் புருஷனை மாதிரி ஒரு கேமராக்காரர் கிடைக்க மாட்டார். மனுஷனுக்கு நிறுத்துகிற பட்டனை அமுக்கச் சோம்பல். ஆட்டம் முடிந்து, ஆடினவர்கள் தண்ணீர் குடித்து, செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்புவது வரைக்கும் பதிவாகியிருக்கும். அந்தச் சோம்பேறித்தனத்தைக் கட்டிக்கொண்டுதான் அவள் குடும்பம் நடத்தினாள்.

கேமராக்காரருக்கு ஒரு தம்பி. எல்லாருக்கும் அவர் மாஸ்டர். ஒரே வீட்டில் அண்ணன் குடும்பம் மாடியில், தம்பி குடும்பம் கீழே, மாமியார் எங்கே டிவி ஓடுகிறதோ அங்கே. இரண்டு தெரு தள்ளி மாஸ்டரின் நடனக் கூடம் இருந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடி. வாசல் கதவில் மாஸ்டரின் படம், ஆள் உயரத்துக்கு: மோவாய் மேலே, ஒரு புருவம் அதற்கும் மேலே, ஒரு கை இடுப்பில். யாரோ ஒரு போட்டோக்காரன் எப்போதோ எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் நன்றாக இருக்கட்டும். அதிலிருந்து மாஸ்டர் எந்த ஆட்டத்தை ஆடினாலும், ஒவ்வொரு அடவு முடிவிலும் அந்தப் படத்துக்குள் போய் நின்றுவிடுவார். மோவாய் தூக்கும், புருவம் தூக்கும், பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். பிறகு நினைவு வந்து, பாட்டைத் துரத்திப் பிடிப்பார்.

பாடம் எடுக்கும்போதும் கண்ணாடியைப் பார்த்துத்தான் எடுப்பார். பிள்ளைகளுக்கு அவர் முதுகு மனப்பாடம். ஆட்டத்தைக் கற்றுக்கொண்டது என்னவோ மூலையில் நின்று ஆடிக் காட்டிய அவர் மனைவியிடம். அவளைச் சின்னவள் என்பார்கள். வீட்டுக்கு இரண்டாவது மருமகள். சின்னவள் ஆட்டத்தில் நிற்பது என்பதே கிடையாது. ஒரு அசைவு விரலில் முடிகிறபோது அடுத்தது தோளில் கிளம்பியிருக்கும். சும்மா சொல்லக்கூடாது, அவளைத் திரையில் பார்க்கிறபோதெல்லாம் கத்தரிக்குக் கை துறுதுறுக்கும். எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம், அத்தனை இடம். ஆனால் நேரில் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. ஓரகத்திகள் இருவரும் உப்பு கடன் வாங்கினால் மறுநாளே திருப்பிக் கொடுக்கிற உறவு. தவிர, வாயைத் திறக்காமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர்களைக் கண்டால் கத்தரிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. ஊர் ஊராகப் போய் ஆடுகிற ஒரு பெரிய நடனக் குழு, முதன்மை ஆட்டத்துக்கு ஒரே ஒருவரைத் தேடியது. ஆணோ பெண்ணோ, தனியாகவோ துணையோடோ, ஒரு முழுப் பாட்டுக்கு ஆடி வீடியோ அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் நேரில் கூப்பிட்டு ஆடச் சொல்வார்கள். வயது வரம்பு உண்டு. சின்னவள் மாடிப்படியில் ஈரத் துணி வாளியோடு நின்றுகொண்டு கத்தரியிடம் இதைச் சொன்னாள். அவளாக வந்து பேசியதே அதிசயம்.

"அக்கா, இந்த வருஷத்தோட எனக்கு வயசு தாண்டிடுது. இதுக்கப்புறம் அவங்க என்னைப் பார்க்கக்கூட மாட்டாங்க."

"அதை உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே."

"சொன்னேன். தனியா ஆடினா எடுபடாது, நானும் கூட ஆடறேன்னுட்டார். யாரை எடுத்தாலும் நம்ம குடும்பத்துக்குத்தானேன்னு சொல்றார்."

யாரை எடுத்தாலும் என்று மாஸ்டர் சொன்னால் யாரைச் சொல்கிறார் என்பது கூடத்துக் கதவுக்கே தெரியும். கத்தரிக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. கோபம் மாஸ்டர் மேல் பாதி, "சரி" என்று தலையாட்டிவிட்டு வந்த இவள் மேல் பாதி. நீயும் சரின்னுட்டே, அப்புறம் எங்கிட்ட எதுக்கு வந்து சொல்றே என்று கேட்டாள். சின்னவள் வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். துணியை உதறிப் போட்ட சத்தம் மட்டும் அன்றைக்குக் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

படப்பிடிப்பு கூடத்தில் நடந்தது. கண்ணாடியில் கேமரா தெரியாமல் இருக்கத் துணி கட்டினார்கள். கண்ணாடியை மூடியதும் மாஸ்டருக்கு முகம் வாடிப்போனது, ஐயோ பாவம். முதலில் தூரத்து ஷாட். சின்னவள் இடது பக்கம், மாஸ்டர் வலது பக்கம். பிறகு கேமராவைக் கிட்டத்தில் கொண்டுவந்து, கொஞ்சம் ஒதுக்கி வைத்து, அதே பாட்டு, அதே ஆட்டம். சின்னவள் அச்சு அசல் அதையே ஆடினாள்; முந்தின தடவை கைவிரல் எங்கே போனதோ அங்கேயே போனது. மாஸ்டர் புதிதாக எதையோ ஆடினார். தூரத்து ஷாட்டில் தோளுக்கு நேராக நின்ற கை, கிட்டத்து ஷாட்டில் தலைக்கு மேல் நின்றது. அதற்கடுத்த தடவை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

முன்னாடி செய்ததையே செய்யுங்கள் என்று கத்தரி பொறுமையாகச் சொன்னாள். அவள் பொறுமையாகச் சொல்வது எப்போதாவது நடப்பது. மாஸ்டர் அதை மதிக்கவில்லை.

"அது கலை அண்ணி. ஒவ்வொரு தடவையும் ஒரு மாதிரி வரும்."

அதோடு விட்டாரா? தன் முகத்துக்கு இடது பக்கம்தான் அழகு என்று சொல்லிக் கேமராவை அந்தப் பக்கம் தூக்கி வைக்கச் சொன்னார். கேமராக்காரர் தம்பி சொல்லைத் தட்டாதவர், வைத்தார். ஆட்டத்தில் இருவரும் கூடத்தின் குறுக்கே சுழன்றுகொண்டே போகும் இடம் ஒன்று உண்டு. முதல் ஷாட்டில் இடமிருந்து வலமாகப் போனார்கள். கேமரா எதிர்ப்பக்கம் போனதும் வலமிருந்து இடமாகப் போனார்கள். இரண்டையும் ஒட்டினால், பாதி வழியில் அடுப்பை அணைக்காதது ஞாபகம் வந்து வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் மாதிரி இருக்கும். கத்தரி எதிர்ப்பக்கம் எடுத்த அந்த டேக்குகளை அப்போதே மனதில் குப்பையில் போட்டுவிட்டாள்.

வெட்டும்போது மாஸ்டர் நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தான் மோவாயைத் தூக்கி நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் வெட்ட வேண்டும் என்றார். நின்றதும் வெட்டு, அடுத்த ஷாட்டில் நிற்கிறதிலிருந்து தொடங்கு. அப்போதுதான் போஸ் மனதில் பதியுமாம். வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது தடவை சொல்ல அவள் ஆள் இல்லை. கேட்டது கேட்டபடியே, ஒன்று விடாமல் வெட்டிக் கொடுத்தாள். அப்படிக் கொடுப்பதிலும் ஒரு குரூர சந்தோஷம் இருக்கத்தான் செய்தது.

வீட்டு டிவியில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆட்டம் கிளம்பும், மாஸ்டர் நிற்பார், டக்கென்று படம் மாறும், அங்கேயும் மாஸ்டர் நிற்பார், கை மட்டும் வேறு இடத்தில் இருக்கும். மறுபடி கிளம்பும், மறுபடி டக். சின்னவள் ஓடி வந்த ஓட்டமெல்லாம் ஒவ்வொரு இடத்திலும் கழுத்து நெரிந்து செத்தது. மாமியார் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏன்டா, இது ஏன் இப்படி விக்குது? அதுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

கேமராக்காரர் சிரிப்பை அடக்க இருமினார். மாஸ்டர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சின்னவள் சிரிக்கவில்லை, டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதை அனுப்பினால் யாரும் இரண்டாவது நிமிஷத்தைத் தாண்ட மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. கண்ணில் தண்ணீர் நின்றது. கத்தரி அதைப் பார்த்தாள். பார்த்த பிறகு, கேட்டது கேட்டபடி வெட்டிக் கொடுத்ததில் இருந்த சந்தோஷம் அவளுக்குச் சுத்தமாகப் போய்விட்டது.

மாஸ்டர் பழியைத் தூக்கிக் கத்தரி தலையில் வைத்தார். "ஒட்டு தெரியுது அண்ணி. ஒட்டு எங்க இருக்குன்னே தெரியக்கூடாது. அதுதானே உங்க வேலை."

"தெரியாம இருக்கணும்னா அசையற இடத்துலதான் வெட்டணும் தம்பி. நிக்கற இடத்துல வெட்டினா விக்கத்தான் விக்கும்."

"எங்க வேணா வெட்டுங்க. நான் எப்பவும் படத்துல இருக்கணும், ஒட்டு தெரியக்கூடாது. அவ்வளவுதான்."

"எங்க வேணாலும் வெட்டலாமா?"

"எங்க வேணாலும்."

இதை மாமியார் கேட்டார், கேமராக்காரர் கேட்டார், சின்னவளும் கேட்டாள். கத்தரி எழுந்து போனாள்.

மறுநாள் காலையில் டயர் கடை திறக்கும் முன்பே அறைக்கு வந்துவிட்டாள். நியாயமாக முதலில் மாஸ்டரிடம்தான் தேடினாள். அதைச் சொல்லியாக வேண்டும். அவர் அசைகிற இடம் ஏதாவது இரண்டு டேக்கிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். ஒன்று அவர் நின்றுகொண்டிருந்தார், இல்லை என்றால் கை பொருந்தாத இடத்தில் இருந்தது. வெட்டுவதற்கு மனிதர் ஓர் அசைவைக்கூட மிச்சம் வைக்கவில்லை. பிறகு எதிர்ப்பக்கத்து டேக்குகளை ஒதுக்கிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் பாட்டோடு சேர்த்து வரிசையாக அடுக்கிவிட்டு, சின்னவளைப் பார்த்து வெட்ட ஆரம்பித்தாள்.

சின்னவள் இடது பக்கம் சுழல்கிறாள். தூரத்து ஷாட்டில் சுழற்சி கிளம்பட்டும். பாதி சுற்றில், முதுகு கேமராவுக்கு வருகிறபோது, பாவாடை விரிந்து பறக்கிற அந்த வேகத்தில் வெட்டு. கிட்டத்து ஷாட்டில் மிச்சப் பாதி. தாளம் விழுகிறபோது அவள் முகம் வந்து சேர்கிறது. வெட்டு தாளத்துக்கு ஒரு துளி முன்னால்; வந்து சேர்வது தாளத்தில். முகம் எங்கே வருகிறது? அதே இடது பக்கத்தில், கண் ஏற்கனவே காத்திருக்கிற இடத்தில். கண் தேட வேண்டியதில்லை. ஓட்டிப் பார்த்தாள். கொஞ்சம் இழுத்தது. ஒட்டை ஒரு பிரேம் பின்னால் தள்ளினாள், திரும்ப ஓட்டினாள். ஒட்டு காணாமல் போனது. தானே போட்ட வெட்டு எங்கே என்று தானே ஒரு கணம் தேடினாள். தொழிலில் அதைவிடப் பெரிய சந்தோஷம் அவளுக்குத் தெரியாது.

அப்படியே போனாள். கை எழும்பும்போது ஒன்று, குனிந்து எழுகிற பாதியில் ஒன்று, தலை திரும்புகிறபோது ஒன்று. எல்லாம் சின்னவள் அசைவில். மாஸ்டரும் இருந்தார், அவர் கேட்டபடி எல்லா ஷாட்டிலும் முழுசாக இருந்தார். அவர் கை ஒட்டுக்கு ஒட்டு தோளிலிருந்து தலைக்கும், தலையிலிருந்து முதுகுக்கும் தாவியது. ஆனால் தாவுகிற அந்தக் கணத்தில் எந்தக் கண்ணும் அந்தப் பக்கம் இல்லை. சின்னவள் ஆட்டத்தில் கத்தரி ஒட்டுப்போட்டு மறைத்த குறை ஒன்றுகூடக் கிடையாது. நேரில் கூப்பிட்டு ஆடச் சொன்னால் இதையேதான் ஆடுவாள்.

டீ வாங்கிக்கொண்டு வந்த புருஷனை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினாள். முடிந்ததும், தம்பியின் கை எங்கெங்கே இருந்தது என்று கேட்டாள். அவர் விழித்தார். கவனிக்கவில்லையே, இன்னொரு தடவை போடு என்றார். போட்டாள். இந்தத் தடவையும் கோட்டை விட்டார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. டீயைக் கீழே வைத்தார்.

"தம்பி மனசு கஷ்டப்படுமேடி."

"அவர் சொன்னதைத்தானே செஞ்சிருக்கேன். இதுல எங்க தப்புன்னு காட்டுங்க, மாத்திடறேன்."

அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஆறிப்போன டீயைக் குடித்தார். சின்னவள் நன்றாக ஆடுகிறாள், இல்லையா என்றார். இத்தனை வருஷம் கேமராவுக்குப் பின்னால் நின்ற மனுஷனுக்கு அது இப்போதுதான் தெரிந்திருக்கிறது. அவரை என்ன சொல்வது, அவளும் தெரிந்தே சொல்லாமல் இருந்தவள்தான்.

மறுபடி வீட்டு டிவி. மாஸ்டருக்குப் பிடிக்கவில்லை என்றால் அனுப்ப மாட்டார். அனுப்பும் கடைசி நாள் நெருங்கிவிட்டது. சின்னவளுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை. மாஸ்டர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். ஆட்டம் ஓடியது. அவர் திரையின் வலது பக்கத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. திரையில் மோவாய் தூக்கியபோது இங்கேயும் மோவாய் தூக்கியது, புருவம் தூக்கியபோது புருவம் தூக்கியது. திடீரென்று கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"இங்க என் கை துள்ளுதே. எனக்கு ஒட்டு தெரியுது."

வீட்டிலேயே, ஏன் உலகத்திலேயே, அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர்தான். அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? கத்தரி முகத்தை மாற்றிக்கொள்ளாமல் சொன்னாள்.

"அது கலை தம்பி. ஒவ்வொரு தடவையும் ஒரு மாதிரி வரும்." பிறகு திரும்பி, "அத்தை, உங்களுக்கு விக்குதா?" என்று கேட்டாள்.

எங்கே விக்கிறது, குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ஓடுகிறதே என்றார் மாமியார். அவர் கண் இன்னும் டிவியின் இடது பக்கத்திலேயே இருந்தது. குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே பிறந்த அந்தக் கண்ணுக்கே தெரியவில்லை என்றதும் மாஸ்டருக்கு நிம்மதியாகிவிட்டது. முழுதாக இன்னும் இரண்டு தடவை பார்த்தார். ஓர் இடத்தில் தன் முடி கலைந்திருக்கிறது, அது இயல்பாகத்தான் இருக்கிறது என்று தானே சொல்லித் தானே ஏற்றுக்கொண்டார். தன் கைபேசி எண்ணைப் போட்டு, தன் கையாலேயே அனுப்பினார். சின்னவள் எழுந்து போகும்போது கத்தரியின் தோளில் ஒரு கணம் கை வைத்துவிட்டுப் போனாள்.

பதில் வரவில்லை. வாரங்கள் போயின. மாஸ்டர் குழுவில் சேர்ந்த பிறகு கூடத்தை யார் பார்த்துக்கொள்வது என்று பேச ஆரம்பித்திருந்தார். சின்னவள் பார்த்துக்கொள்வாள் என்பது முடிவாகியிருந்தது. ஒரு மத்தியானம் கத்தரியின் அறைக்கு வந்தார். கதவில் இருக்கும் படத்துக்குப் பதிலாகப் புதுப்படம் வேண்டும், அந்த வீடியோவில் தான் நிற்கிற இடங்களை எல்லாம் படமாக எடுத்துக் கொடுங்கள் என்றார். அதற்குக் குறைச்சல் இல்லை தம்பி, நிறைய நிக்கிறீங்க என்றாள் கத்தரி. அவளுக்குச் சாப்பாடு கொண்டு வந்த சின்னவள் டிபன் கேரியரை மேஜை ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் மாஸ்டரின் போன் அடித்தது.

குழுவின் எண்ணைப் பார்த்ததும் அவர் முகம் பூரித்தது. நாலு பேர் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். ஒரு பெண் குரல் வணக்கம் சொன்னது. குழுவின் தலைவி என்று அறிமுகப்படுத்திக்கொண்டது.

"நீங்க அனுப்பின வீடியோ பார்த்தோம். ஆடினவங்ககிட்ட பேசணுமே."

"நான்தான் பேசறேன்."

"இல்லைங்க, அந்த அம்மாகிட்ட."

"கூட ஆடினது நான்தான். வலது பக்கத்துல."

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. கீழே காற்றடிக்கும் மெஷின் அலறி ஓய்ந்தது. போனில் யாரோ யாரையோ கேட்பதும், அந்தப் பாட்டு சன்னமாக மறுபடி ஓடுவதும் கேட்டது. ஓடியது, நின்றது, திரும்பவும் ஓடியது.

"ஆமாங்க, ஒருத்தர் நிக்கிறார். மன்னிச்சுக்குங்க, இப்பத்தான் பார்த்தோம். அந்த அம்மாவைக் கொஞ்சம் கூப்பிடறீங்களா?"

மாஸ்டர் போனை நீட்டவில்லை. கை அப்படியே நின்றது. எப்போதும் யாராவது சொல்லட்டும் என்று காத்திருக்கிற சின்னவள் காத்திருக்கவில்லை. அவர் கையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு, நான்தாங்க பேசறேன் என்று சொல்லிக்கொண்டே வெளியே படிக்கட்டுக்குப் போனாள். எப்போது வேண்டுமானாலும் வந்து ஆடறேன், நாளைக்கேகூட வர்றேன் என்று அவள் சொன்னது உள்ளே கேட்டது. அந்தக் குரலை இத்தனை வருஷமாக எங்கே வைத்திருந்தாளோ.

மாஸ்டர் உட்கார்ந்தார். ஏதாவது சொல்வார், கத்துவார் என்று கத்தரி எதிர்பார்த்துத் தயாராகத்தான் இருந்தாள். பதிலும் நாக்கு நுனியில் இருந்தது. அவர் கத்தவில்லை.

"அதை ஒரு தடவை போடுங்க அண்ணி."

போட்டாள். அவர் வழக்கம்போல வலது பக்கத்தில் கண்ணை வைத்தார். திரையில் சின்னவள் சுழன்றாள், பாவாடை விரிந்தது, அவர் கண் இடது பக்கம் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து வலது பக்கம் கொண்டுவந்தார். சின்னவள் கை எழும்பியது, மறுபடியும் போனது. அதற்குப் பிறகு இழுப்பதை விட்டுவிட்டார். வெளியே படிக்கட்டில் அவள் பேசிக்கொண்டிருக்க, அவர் உள்ளே அவள் ஆடுவதைக் கடைசி வரைக்கும் பார்த்தார்.

முடிந்ததும் அவர் கேட்டார்: "ஒட்டு எல்லாம் எங்க அண்ணி?"

"அங்கேயேதான் இருக்கு தம்பி," என்றாள் கத்தரி. டிபன் கேரியரைத் திறந்து, அவருக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தாள்.